தண்டனையை நிறுத்தினால் தவறு சிறிதாகிவிடுமா?

பழையபேரேடு | ஜூன் 3, இரவு 11.40

நேராகக் கேட்டுவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பணி முடியும் அவசரத்தில், பழுதென்று திரும்பி வந்த சரக்கைப் புதுச் சரக்கு என்று கணினியில் பதிந்துவிட்டேன். அது மறுபடி வெளியே போனது, புகார் வந்தது, விசாரணைக் கூட்டம் நடந்தது. "இதைப் பதிந்தது யார்?" என்று மேலாளர் கேட்டார். இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்திவந்தோம். மாலைப் பணியில் இருந்த சக ஊழியரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவருடைய ஒப்பந்தம் அதன் பிறகு நீட்டிக்கப்படவில்லை.

அந்தக் கூட்டம் இன்றும் எனக்குள் ஓடுகிறது. பல் துலக்கும்போது, வண்டிக்குக் காத்திருக்கும்போது, யாராவது என்னைப் பாராட்டும்போது. வந்த பதவி உயர்வை வேண்டாம் என்றேன். மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியை யாருக்கும் சொல்லாமல் நன்கொடையாகக் கொடுக்கிறேன். விழாக்களுக்குப் போவதில்லை.

"உன்னை நீயே மன்னித்துவிடு" என்று சொல்கிறார்கள். மன்னிக்கும் உரிமை அவருடையது. அதை நானே எடுத்துக்கொள்வது இரண்டாவது திருட்டு. என்னைத் தண்டிப்பதை நிறுத்தினால், நான் செய்தது ஒன்றுமில்லாத விஷயம் என்று சொல்வதாகிவிடும். இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மழைக்குருவி | ஜூன் 4, காலை 7.15

இதில் ஆராய்ச்சியே இருக்கிறது. 2010-இல் கனடாவில் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்கள். அப்படி மன்னித்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே மன்னித்துவிடுங்கள். மன்னித்தால்தான் நல்லவராக நடக்க முடியும்.

நூலிழை | ஜூன் 4, இரவு 9.05

மழைக்குருவி சொல்வது பாதி சரி. அதே ஆய்வாளர்களில் ஒருவர் மறு ஆண்டே புகைபிடிப்பவர்களைப் பற்றி எழுதினார். அங்கே முடிவு நேர் எதிர். புகைப்பதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்களிடம் அதை விட வேண்டும் என்ற முனைப்பு குறைவாக இருந்தது. மாணவருக்கு அடுத்த தேர்வு கண்முன் நின்றது. மன்னிப்பு அதை நோக்கிப் போக விட்டது. புகைப்பவருக்கு மன்னிப்பு இருந்த இடத்திலேயே உட்கார வைத்தது. எனவே மன்னிப்பது நல்லதா என்று தனியாகக் கேட்டால் விடை கிடைக்காது. அதற்குப் பின் என்ன வருகிறது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

பழையபேரேடு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் நெடுங்காலம் மனநல ஆலோசகராக இருந்தவன். இந்தக் கேள்வியைப் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். "நிறுத்தினால் சிறிதாகிவிடும்" என்ற பயம் கெட்ட மனத்திலிருந்து வருவதில்லை. ஆனால் உங்கள் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பதவியை மறுத்தீர்கள், விழாவுக்குப் போகவில்லை, யாருக்கோ பணம் கொடுத்தீர்கள். அந்தச் சக ஊழியருக்கு இதில் எது போய்ச் சேர்ந்தது?

2009-இல் நெலிசன், ஸீலன்பெர்க் என்ற இருவர் செய்த சோதனை ஒன்று உண்டு. குற்ற உணர்வை ஏற்படுத்திய பிறகு, ஈடு செய்யும் வாய்ப்பைச் சிலருக்குக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. வாய்ப்பு இல்லாதவர்கள்தான் தங்களைத் தாங்களே தண்டித்துக்கொண்டார்கள். ஈடு செய்யும் வழி திறந்திருந்தால் தண்டனை தேவைப்படவில்லை. அதாவது தண்டனை பெரும்பாலும் அடைபட்ட பரிகாரம். கதவு மூடியிருக்கிறது என்று நம்புகிறவர் சுவரில் முட்டிக்கொள்கிறார். உங்களிடம் என் கேள்வி இதுதான்: கதவு மூடியிருக்கிறதா, நீங்கள் தட்டிப் பார்க்கவில்லையா?

இன்னொன்று. தன்னைத் தண்டித்துக்கொள்வது கொஞ்ச நேரம் நிம்மதி தரும். மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்த சோதனையில்கூட, கூடுதல் அதிர்ச்சியைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டவர்களின் குற்ற உணர்வு தணிந்தது. அதுதான் சிக்கல். தணிகிறது, மறுபடி வருகிறது, மறுபடி தண்டனை. கடன் கொடுத்தவருக்கு ஒரு பைசா போகாமல் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

அந்திவானம் | ஜூன் 5, மாலை 4.30

எனக்கும் இதுதான். அம்மா இரவு அழைத்தார்கள். நான் களைத்திருந்தேன், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று எடுக்கவில்லை. காலையில் அம்மா இல்லை. நான் யாரிடம் போய் ஈடு செய்வது? நூலிழை சொல்கிற கதவு எனக்கு உண்மையிலேயே மூடிவிட்டது.

மழைக்குருவி | ஜூன் 5, மாலை 5.10

அந்திவானம் அக்கா, மனது கனக்கிறது. அந்தப் புகைபிடிப்போர் ஆய்வு எனக்குத் தெரியாது. நூலிழை ஐயாவுக்கு நன்றி.

நூலிழை | ஜூன் 5, இரவு 10.20

அந்திவானம் அம்மா, உங்களுடையது பழையபேரேடுவின் வழக்கு அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இருவருக்கும் கெடுதல்.

அவர் உண்மை தெரிந்திருந்தும் மறைத்தார். நீங்கள் தெரியாமல் இருந்தீர்கள். நடந்து முடிந்த ஒன்றைக் கேட்டவுடன், "இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்" என்று மனம் சொல்லும். ஃபிஷாஃப் என்பவர் 1975-இலேயே இதைச் சோதித்துக் காட்டினார். முடிவு தெரிந்தவர்கள், அது தெரியாமல் இருந்திருந்தாலும் கணித்திருப்போம் என்று நம்பினார்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அந்த இரவு அழைப்பு வந்தபோது உங்களுக்குத் தெரிந்தவை மட்டும்: மணி என்ன, அம்மா வழக்கமாக எதற்கு அழைப்பார்கள், அன்று பகலில் அவர்கள் குரல் எப்படி இருந்தது. வலப்பக்கம் காலையில் தெரிந்தவை. வலப்பக்கத்திலிருந்து ஒரு வரியைக்கூட இடப்பக்கம் கொண்டுபோகக் கூடாது. பிறகு இடப்பக்கத்தை மட்டும் வைத்து உங்களை விசாரியுங்கள்.

அதற்குப் பின்னும் வலி இருக்கும். அது பிரிவின் வலி. பிரிவைக் குற்றமாக மாற்றிக்கொண்டால் அழுவதற்குக்கூட அனுமதி கிடைக்காது.

எதிர்க்கரை | ஜூன் 6, காலை 6.50

நான் மறுபக்கம் இருந்தவள். எனக்குத் தீங்கு செய்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்து நீண்ட கடிதம் அனுப்பினார். எவ்வளவு அழுதார், எத்தனை இரவு உறங்கவில்லை, எப்படி உடல் இளைத்தது என்று பக்கம் பக்கமாக. கடைசியில் "நீ மன்னித்தால்தான் எனக்கு வாழ்வு" என்று ஒரு வரி. நான் மறந்து நடமாடத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தக் கடிதம் எனக்கு ஒரு வேலையைக் கொடுத்தது: அவரைத் தேற்றும் வேலை. தேற்றாவிட்டால் நான் கல்நெஞ்சக்காரி.

பழையபேரேடு, கதவைத் தட்டுவதற்கு முன் அந்த வீட்டில் இருப்பவரை நினையுங்கள்.

படிக்கட்டு | ஜூன் 6, இரவு 8.00

குடியிலிருந்து மீண்டவன் நான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் பன்னிரண்டு படிகள் உண்டு. எட்டாவது, நாம் தீங்கிழைத்தவர்களின் பட்டியலை எழுதி ஈடு செய்ய மனம் கொள்வது. ஒன்பதாவது, இயன்ற இடமெல்லாம் நேரடியாக ஈடு செய்வது. ஆனால் அப்படிச் செய்வது அவர்களையோ பிறரையோ புண்படுத்தும் என்றால் செய்யக் கூடாது. எதிர்க்கரை அவர்களுக்கு நடந்தது அந்த விதிவிலக்குக்குள் வரும்.

எங்கள் வழக்கத்தில் இரண்டு படிகளையும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. பட்டியல் எழுதியவன் அன்றே தொலைபேசியை எடுத்தால் மூத்தவர் பிடித்து நிறுத்துவார். முதலில் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். மன்னிப்புக் கேட்கிற சாக்கில் நம்மை நாமே எங்கே காப்பாற்றிக்கொள்கிறோம் என்று பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

பழையபேரேடு | ஜூன் 8, இரவு 11.55

தட்டிப் பார்க்கவில்லை என்பதே உண்மை. இரண்டு நாட்களாக ஒரு கடிதம் எழுதினேன். இங்கே சிலவரிகளை வைக்கிறேன், அடித்துத் திருத்துங்கள்.

"நான் செய்ததை நினைத்து நான் துடிக்காத நாளில்லை. நான் அப்போது சிறுவயது, வேலை போய்விடுமோ என்று நான் பயந்தேன். என் வாழ்க்கையில் எந்த மகிழ்ச்சியையும் நான் ஏற்கவில்லை. உங்களால் முடிந்தால் என்னை மன்னியுங்கள். அப்போதுதான் என் மனம் ஆறும்."

எதிர்க்கரை | ஜூன் 9, காலை 7.05

"நான்" என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். அவர் எங்கே? அவருடைய வேலை போனது என்ற வரியே இல்லையே.

நூலிழை | ஜூன் 9, இரவு 9.40

எதிர்க்கரை அவர்கள் சொன்னதற்குமேல் நான் சேர்ப்பது கொஞ்சம்தான். மன்னிப்புக் கோருதலில் எந்தக் கூறு கேட்பவரிடம் எடுபடுகிறது என்று 2016-இல் லெவிக்கியும் உடன் ஆய்ந்தவர்களும் ஆறு கூறுகளை வைத்துப் பார்த்தார்கள். முதலிடம் "பொறுப்பு என்னுடையது" என்பதற்கு. அடுத்தது "இதைச் சரிசெய்ய இன்னது செய்கிறேன்" என்பதற்கு. கடைசி இடம் "என்னை மன்னியுங்கள்" என்ற வேண்டுகோளுக்கு. உங்கள் கடிதத்தில் கடைசிக் கூறுதான் பெரியதாக இருக்கிறது.

கடிதத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அதற்கு முன் ஒரு வேலை. கூட்டத்தை மட்டும் எழுதாமல், சரக்கைப் பதிந்த நாளிலிருந்து அவர் வெளியேறிய நாள்வரை நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். உணர்ச்சி வேண்டாம். யார், எங்கே, என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள். மனத்தில் திரும்பத் திரும்ப ஓடும் காட்சி ஒரு துண்டு. அந்தத் துண்டை மனம் எதற்குத் தேர்ந்தெடுத்தது என்று முழுக்கதையை எழுதினால்தான் தெரியும். சிலர் எழுதிப் பார்த்து, தங்கள் பங்கு நினைத்ததைவிடச் சிறியது என்று காண்பார்கள். எப்போதும் அப்படி அமையாது. அதற்கும் தயாராக உட்காருங்கள்.

எழுதுவது தாங்க முடியாமல் போனால், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், நிறுத்திவிட்டு மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அந்த நிலையில் தனியாக எழுதக் கூடாது.

மழைக்குருவி | ஜூன் 10, காலை 8.30

ஒரு சந்தேகம். திரும்பத் திரும்ப நினைப்பதுதானே நோய்? அதை எழுதச் சொல்வது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது ஆகாதா? நினைப்பு வரும்போது வேறு பக்கம் திருப்பிக்கொள்வதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

நூலிழை | ஜூன் 10, இரவு 10.00

நியாயமான கேள்வி. அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கும் என்பது நிறுவப்பட்ட விஷயம். ஆனால் அசைபோடுவதற்கும் எழுதி முடிப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அசைபோடுதல் "நான் ஏன் இப்படிப்பட்டவன்?" என்று கேட்கும், அதற்கு விடை கிடையாது. எழுதுதல் "அதன் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்கும், அதற்கு விடையும் உண்டு, முடிவும் உண்டு.

நினைக்கவே கூடாது என்று தள்ளினாலோ அது வேகமாகத் திரும்பும். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி வெக்னர் 1987-இல் செய்த சோதனை அதைத்தான் காட்டியது. என்னிடம் வந்தவர்களுக்கு நான் சொன்ன வழி, நாளில் ஓர் அரைமணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்குவது. படுக்கைக்குப் போகும் நேரமாக இருக்கக் கூடாது. மற்ற வேளையில் காட்சி வந்தால், "இதை அந்த நேரத்தில் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த வேலைக்குத் திரும்புவது. சிலருக்கு இது நன்றாக உதவியது. சிலருக்கு அந்த அரைமணியே பயமாகிப்போனது. அவர்களுக்கு உடனே நிறுத்திவிட்டேன். எழுதி முடித்த பிறகு நெஞ்சு இறுகிக் கிடந்து, அடுத்து செய்ய வேண்டியது ஒன்றும் தோன்றவில்லை என்றால், எழுத்தும் அசைபோடுதலாக மாறிவிட்டது என்று பொருள்.

பழையபேரேடு | ஜூன் 17, இரவு 10.30

எழுதினேன். முழுவதும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் கழித்து மேலாளர் என்னைத் தனியாக அழைத்திருக்கிறார். இதை நான் மறக்கவில்லை, ஆனால் நினைத்ததும் இல்லை. அறையில் நாங்கள் இருவர் மட்டும். "அந்தப் பதிவைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் சொல், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். கோபம்கூட இல்லை அவர் குரலில். நான் "தெரியாது" என்றேன்.

இத்தனை காலமும் கூட்டத்தில் வாயடைத்துப்போன ஓர் இளைஞனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சுற்றி இருந்தார்கள், பதறிவிட்டான், பாவம் என்று சொல்ல அந்தக் காட்சியில் இடம் இருந்தது. தனியறையில் அந்த இடம் இல்லை. அங்கே யோசிக்க ஒரு வாரம் இருந்தது, கேட்டவர் கனிவாகக் கேட்டார், நான் பொய் சொன்னேன். நான் என்னைத் தண்டித்துக்கொண்டிருந்தது சிறிய தவறுக்காக.

படிக்கட்டு | ஜூன் 17, இரவு 11.15

இதை எழுதியதற்கு உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நூலிழை | ஜூன் 18, இரவு 9.20

முதல் நாள் நீங்கள் சொன்னதை நினையுங்கள்: தண்டனையை நிறுத்தினால் தவறு சிறிதாகும் என்றீர்கள். தண்டித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அது சிறிய உருவில் இருந்தது. தண்டனைக்கு உண்மையின் விவரம் தேவைப்படுவதில்லை; "நான் கெட்டவன்" என்ற தீர்ப்பு போதும். பரிகாரத்துக்கு விவரம் வேண்டும். எந்த நாள், எந்தப் பதிவு, யாரிடம் சொன்ன பொய் என்று தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது.

குற்ற உணர்வையும் அவமானத்தையும் பிரித்துப் பார்த்த டாங்னி முதலான உளவியலாளர்கள் சொல்வதும் இதற்கு நெருக்கமானது. "நான் செய்தது கெட்டது" என்பவர் சரிசெய்யப் போகிறார். "நானே கெட்டவன்" என்பவர் ஒளிந்துகொள்கிறார். பதவி வேண்டாம், விழா வேண்டாம் என்பதெல்லாம் தவமாகத் தெரியும், பாதி ஒளிவது.

இனி கடிதத்தை எடுங்கள்.

பழையபேரேடு | ஜூன் 21, இரவு 9.50

புதுக் கடிதம், முழுமையாக:

"திரும்பி வந்த சரக்கைப் புதுச் சரக்கு என்று பதிந்தது நான், நீங்கள் அல்ல. கூட்டத்தில் கேட்டபோது பேசாமல் இருந்தேன். ஒரு வாரம் கழித்து மேலாளர் என்னைத் தனியாகக் கேட்டபோது, தெரியாது என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொல்ல எனக்கு நேரமும் வாய்ப்பும் இருந்தன. பழி உங்கள்மேல் விழுந்தது, உங்கள் வேலை போனது. நான் செய்தது அநியாயம். இதைக் கையொப்பமிட்டு, நீங்கள் சொல்லும் எவருக்கும் தரத் தயாராக இருக்கிறேன். வேண்டாம் என்றால் தரமாட்டேன். வேறு எதைச் சரிசெய்ய வேண்டும் என்று நீங்கள் நினைத்தாலும் சொல்லுங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை."

மேலாளருக்கு இப்போதே எழுதிவிடலாமா, அந்தச் சக ஊழியரைக் கேட்ட பிறகா?

படிக்கட்டு | ஜூன் 22, காலை 6.30

இப்போதே. பொய் சொன்னது மேலாளரிடம். அதைத் திருத்த யாருடைய அனுமதியும் வேண்டாம். கூடவே சக ஊழியர் இழந்த சம்பளத்தையும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். பணம் கொடுக்காத வருத்தம் வாய்ப்பேச்சு.

எதிர்க்கரை | ஜூன் 22, காலை 7.20

இரண்டுக்கும் உடன்பட மாட்டேன். அந்தப் பழைய விஷயம் இப்போது அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. அவர் புது இடத்தில் அதைச் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவரைக் கேட்காமல் கிளறினால், மறுபடியும் அவர் இல்லாத அறையில் அவரைப் பற்றி முடிவெடுக்கிறீர்கள். பணம் அதைவிட மோசம். எனக்கு யாராவது கணக்குப் போட்டு ஒரு தொகை நீட்டியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

நூலிழை | ஜூன் 22, இரவு 9.00

மேலாளர் விஷயத்தில் எதிர்க்கரை பக்கம் நிற்கிறேன். பணத்தில் எனக்குத் தெளிவில்லை. பணம் தந்து உறவு சீரானதையும் பார்த்திருக்கிறேன், பணமே அவமதிப்பாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் "வேறு எதைச் சரிசெய்ய வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள், அது இப்போதைக்குப் போதும். இருவருக்கும் பொதுவான நண்பர் யாராவது இருந்தால், கடிதத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். நேரில் போய் நிற்காதீர்கள். வாசலில் நிற்பவரை மறுப்பது கடினம்.

அந்திவானம் | ஜூன் 24, மாலை 6.15

கோடு போட்ட தாளை எழுதி முடித்தேன். இடப்பக்கம்: மணி பத்தரை. அம்மா அநேகமாகத் தினமும் அந்த நேரத்தில் அழைப்பார்கள், பெரும்பாலும் சாப்பிட்டாயா என்று கேட்க. அன்று பகலில் பேசியபோது சிரித்தார்கள். இதை வைத்து என்னைக் குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை. ஆனால் இரவு பத்தரைக்குத் தொலைபேசி ஒலித்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது. தாள் சொல்வதை உடம்பு கேட்கவில்லை.

நூலிழை | ஜூன் 24, இரவு 10.10

உடம்பு மெதுவாகத்தான் கேட்கும் அம்மா. அந்த நடுக்கம் குறையாமல் நீடித்தால் நேரில் ஒருவரைப் பாருங்கள். இங்கே எழுதிச் சரிசெய்யக்கூடியது அல்ல அது.

பழையபேரேடு | ஜூலை 19, இரவு 10.45

நண்பர் வழியாகக் கேட்டேன். நெடுநாள் பதில் இல்லை. பிறகு "அனுப்பச் சொல்" என்றாராம். அனுப்பினேன். நேற்று அவரிடமிருந்தே சில வரிகள் வந்தன.

வேலை போனதைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. வேறு வேலை சீக்கிரமே கிடைத்துவிட்டதாம். அந்தக் கிடங்கு வேலைக்கு அவரைப் பரிந்துரைத்தவர் அவருடைய அண்ணன். அது எனக்குத் தெரியவே தெரியாது. தம்பி கவனக்குறைவால் தன் பெயரைக் கெடுத்துவிட்டான் என்று அண்ணன் நம்பினார். அதற்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்வதே இல்லையாம். "மேலாளருக்கு எழுது. கையொப்பமிட்ட நகல் ஒன்றை என் அண்ணனுக்கு அனுப்பு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். கீழே அண்ணனின் முகவரி.

நான் இத்தனை காலம் மனத்தில் கணக்குப் போட்டது அவருடைய சம்பளத்தை. அவர் இழந்தது அண்ணனை.

எதிர்க்கரை | ஜூலை 20, காலை 6.40

இதை அவர் சொல்லாமல் உங்களால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அவர் கேட்டதை மட்டும் செய்யுங்கள். ஒரு வரி கூட்ட வேண்டாம்.

பழையபேரேடு | ஆகஸ்ட் 11, இரவு 9.30

இரண்டும் அனுப்பியாகிவிட்டது. மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். "அன்று நீ சொல்லியிருந்தால் இருவரையும் வைத்துக்கொண்டிருப்பேன்" என்று பதில் எழுதினார். அதைப் படித்த அன்று மிகவும் மோசமாக இருந்தது. பழைய வழக்கப்படி சாப்பிடாமல் படுத்துவிடலாம் என்று தோன்றியது. பிறகு, நான் சாப்பிடாமல் இருந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு எழுந்து சாப்பிட்டேன்.

அண்ணனிடமிருந்து பதில் இல்லை.

மழைக்குருவி | ஆகஸ்ட் 12, காலை 8.00

அந்தச் சக ஊழியர் உங்களை மன்னித்துவிட்டாரா? அண்ணனுக்கு ஒருமுறை நினைவூட்டி எழுதலாமே. அந்தக் கூட்டம் இன்னும் ஓடுகிறதா?

நூலிழை | ஆகஸ்ட் 12, இரவு 9.15

நினைவூட்டல் வேண்டாம். அந்தக் கடிதம் அண்ணனும் தம்பியும் பயன்படுத்துவதற்கு. அவர்கள் எப்போது, எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது பழையபேரேடுவின் கையில் இல்லை. பதில் வரும்வரை உறங்க மாட்டேன் என்று காத்திருந்தால் அது மறுபடியும் தண்டனைக்கே கொண்டுபோகும்.

பழையபேரேடு | ஆகஸ்ட் 14, இரவு 10.20

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் நாள் எழுதியதில் ஒன்றை இன்னும் விடமாட்டேன்: அவருடைய மன்னிப்பு அவருடையது. ஆனால் என் ஆயுள் தண்டனையை எழுதியவர் அவர் அல்ல. நானே நீதிபதியாக உட்கார்ந்து எழுதியது. அதை மாற்ற அவருடைய கையொப்பம் தேவையில்லை என்று இப்போது நம்புகிறேன்.

கூட்டம் ஓடுகிறது, முன்பைவிடக் குறைவாக. முன்பெல்லாம் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்க்கும் இடத்தில் நின்றுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். இப்போது சில வேளை தனியறைக்குப் போகிறது, அங்கிருந்து கடிதத்துக்கு வருகிறது. தனியறை வலிக்கிறது. வலிக்கட்டும், அது நடந்தது.

பதவியை இம்முறை ஏற்றுக்கொண்டேன். அந்தப் பிரிவிலும் மூன்று பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தனித்தனியாக மாற்றச் சொல்லிவிட்டேன். பிழை நடந்தால் முதலில் தனியாகக் கேட்பது, தானாக வந்து சொன்னவர்மேல் அந்தப் பிழைக்காக நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் கொடுப்பது, கூட்டம் அதற்குப் பிறகுதான் என்று விதி எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். நடவடிக்கை இல்லை என்பதை ஏற்கத் தயங்குகிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறோம்.

படிக்கட்டு | ஆகஸ்ட் 15, காலை 6.10

எல்லாம் நல்லது. ஆனால் பணம்? அவர் "வேறு எதுவும் வேண்டாம்" என்றது பெருந்தன்மையாக இருக்கலாம். கடன் அதனால் தீராது.

எதிர்க்கரை | ஆகஸ்ட் 15, காலை 7.30

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்றுதான் பொருள். அதற்குமேல் திணிப்பது நம் மன ஆறுதலுக்கு.

பழையபேரேடு | ஆகஸ்ட் 15, இரவு 9.00

இதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. மாத நன்கொடையை நிறுத்தவில்லை. அது போகிற இடத்துக்குத் தேவை இருக்கிறது. ஆனால் அதை அவருக்கான ஈடு என்று இனி எண்ணப்போவதில்லை. அவர் இழந்த மாதங்களின் சம்பளத்தைத் தனியாக ஒரு கணக்கில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. என்றாவது கேட்டால் இருக்கும். இது பரிகாரமா, வேறு பெயரில் பழைய தண்டனையா? படிக்கட்டு, எதிர்க்கரை, இருவரும் சொல்லுங்கள்.